ஒரே ஊரில் இரண்டு குர்பிரீத் சிங்: சீக்கியக் குடும்பங்களில் ஒரே பெயருடைய உறவினர்கள் வேறுபடுத்தி அறியப்படுவது எப்படி?

புதுதில்லி: 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங். 2025ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர். இருவரும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், உறவினர்கள் அல்லர். பெயரின் முற்பகுதி இருவருக்கும் ஒன்றே. அவர்களுள் ஒருவர் ஆண், மற்றவர் பெண் என்பதைப் பின்னால் வரும் ஒரு சொல் மட்டுமே தெரிவிக்கிறது.

செய்திகளை மொழிபெயர்ப்போருக்கு இது அன்றாடச் சிக்கல். பஞ்சாபிலிருந்து வரும் ஓர் ஆங்கிலச் செய்தியில் நான்கு பேர் இருப்பர், நால்வரும் சிங். முதல்முறை முழுப்பெயரைக் கூறிவிட்டு, அடுத்த பத்தியிலிருந்து 'சிங் கூறினார்' என்று எழுதுவது ஆங்கில வழக்கம். அதை அப்படியே தமிழாக்கினால் எந்தச் சிங் என்பது வாசகருக்கு விளங்காது. முற்பெயரை மட்டும் எழுதினாலும் முழுத் தீர்வு கிடைப்பதில்லை. 'குர்பிரீத் தெரிவித்தார்' என்னும் தொடரில், தமிழின் மரியாதை விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கிறது. ஆகவே சீக்கியப் பெயர்களைப் பொறுத்தவரை, சிங் அல்லது கவுர் என்பதைச் சேர்த்து முழுப்பெயரையே மீண்டும் எழுதுவதுதான் பாதுகாப்பானது.

செய்தி அறையில் இது ஒரு வரிக் குழப்பம். ஒரு குடும்பத்திற்குள் அதே பெயர் இருவருக்கு அமையும்போது நிலத்தின் உரிமை, வங்கிக் கடன், வெளிநாட்டு விசா ஆகியவை அதனால் பாதிக்கப்படுகின்றன. அக்குடும்பங்கள் இதை எவ்வாறு கையாள்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, சிங், கவுர் ஆகிய சொற்கள் எதைத் தெரிவிக்கின்றன, எதைத் தெரிவிப்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குடும்பத்தைக் காட்டாத பெயர்

1699ஆம் ஆண்டு வைசாகி நாளன்று அனந்தபூர் சாகிப்பில் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தோற்றுவித்தார். அன்று முதலில் தீட்சை பெற்ற ஐவர் தயா ராம், தரம் தாஸ், ஹிம்மத் ராய், மோகம் சந்த், சாகிப் சந்த் என்னும் பெயர்களுடன் வந்தவர்கள். வெவ்வேறு குலங்களையும் தொழில்களையும் சேர்ந்த அந்த ஐவரும் தயா சிங், தரம் சிங், ஹிம்மத் சிங், மோகம் சிங், சாகிப் சிங் ஆயினர். அவர்கள் கையால் தீட்சை பெற்ற குருவும் கோவிந்த் ராய் என்ற பெயரிலிருந்து கோவிந்த் சிங் ஆனார்.

'சிங்' என்பது 'சிம்ஹ' என்னும் வடசொல்லின் வழிவந்தது. தமிழில் சிங்கம் என்பதும் அதுவே. 'கவுர்' என்பதற்கு இளவரசி என்று பொருள் கூறுவர். பெண்கள் அனைவரும் கவுர் என்று சேர்த்துக்கொள்வது நாளடைவில் பரவிய வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட 'சீக்கிய ரஹித் மர்யாதா' என்னும் ஒழுக்க விதித்தொகுப்பு அதை உறுதிசெய்தது. இராஜபுத்திரர், பீகாரின் சில சமூகத்தார், மணிப்பூரின் மெய்தேய் மக்கள் ஆகியோரிடையேயும் சிங் என்ற பெயர் உண்டு. எனவே சிங் என்ற பெயரைக் கொண்டவர்கள் எல்லோரும் சீக்கியர் என்று கொள்ளலாகாது.

குடும்பப் பெயரைக் கேட்டவுடன் ஒருவரது குலத்தை ஊகிக்கும் வழக்கம் வட இந்தியாவில் பரவலாக உண்டு. அந்த ஊகத்திற்கு இடமில்லாமல் செய்வது சிங், கவுர் என்னும் பொதுப்பெயர்களின் நோக்கங்களுள் ஒன்று. ஒருவர் இன்ன குடும்பத்தவர் என்பதை அவை கூறாமல் இருப்பது குறைபாடு அன்று. அவ்வாறே அவை அமைக்கப்பட்டன. ஆனால் மற்ற இடங்களில் குடும்பப் பெயர் செய்யும் வேலையை, இங்கே வேறு ஏதேனும் ஒன்று செய்தாக வேண்டியிருக்கிறது.

முற்பெயரும் ஏன் ஒத்துப்போகிறது?

சிங் பொதுவாக இருந்தாலும் முற்பெயர் வேறுபட்டால் போதுமே என்று தோன்றலாம். முற்பெயர் தேர்ந்தெடுக்கப்படும் முறையில் இதற்கு விடை இருக்கிறது.

குழந்தை பிறந்தபின் குடும்பத்தார் குருத்வாராவுக்குச் செல்கின்றனர். குரு கிரந்த சாகிப் திறக்கப்பட்டு, அப்பக்கத்தில் அமையும் பாடல் வாசிக்கப்படுகிறது. அப்பாடலின் முதல் எழுத்தே குழந்தையின் பெயருக்கும் முதல் எழுத்தாகிறது. அந்த எழுத்தில் தொடங்கும் பெயரைக் கிரந்தி முன்மொழிய, சபையின் ஒப்புதலுடன் அறிவிக்கப்படுகிறது. ஆணாயின் சிங், பெண்ணாயின் கவுர் சேர்க்கப்படும். எழுத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டில் கலந்துபேசிப் பெயரைத் தேர்வோரும் பலர். எவ்வாறாயினும், எந்த எழுத்து அமையும் என்பது குடும்பத்தின் கையில் இல்லை. அண்ணன் மகனுக்கு அமைந்த எழுத்தே தம்பியின் மகனுக்கும் அமையக்கூடும்.

அடுத்து, பெயர்கள் கட்டப்படும் விதம். பெரும்பாலான சீக்கியப் பெயர்கள் இரண்டு பகுதிகள் இணைந்தவை. குரு என்னும் பொருளில் 'குர்', இறைவனைக் குறிக்கும் 'ஹர்', இன்பத்தைக் குறிக்கும் 'சுக்', புகழைக் குறிக்கும் 'ஜஸ்', வலிமையைக் குறிக்கும் 'பல்' போன்றவை முன்னே நிற்கும். அன்பு எனப் பொருள்படும் 'பிரீத்', விளக்கு எனப் பொருள்படும் 'தீப்', வெற்றி எனப் பொருள்படும் 'ஜீத்', 'இந்தர்', 'வந்த்' முதலியவை பின்னே வந்து சேரும். சேர்க்கைகள் பல இருந்தாலும் மக்கள் விரும்பி இடுபவை சிலவே. 'க' வரிசை எழுத்து அமைந்துவிட்டால் குர்பிரீத், குர்தீப், குர்ஜீத் ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண், பெண் இருபாலர்க்கும் பொது. குர்பிரீத் சிங் என்பவர் குர்பிரீத் கவுர் என்பவரை மணந்துகொள்வது அங்கே எவரையும் வியக்கவைக்காத செய்தி.

உடன்பிறந்தவர்களுக்கு ஒரே பெயரை எவரும் இடுவதில்லை. பங்காளிகளின் பிள்ளைகளுக்கிடையே, மாமனாருக்கும் மருமகனுக்கும், அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடையேதான் பெயர் ஒத்துப்போகிறது. திருமணத்தின் வழியே வரும் ஒற்றுமையை யாரும் முன்கூட்டியே தவிர்த்துவிட முடியாது. புகுந்த வீட்டில் ஏற்கெனவே அதே பெயரில் ஒருவர் இருந்தால், மணமகளுக்கு வேறு பெயர் இட்டு அழைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் இருந்துள்ளது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் மற்றொரு பெயர் என்று அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் இரண்டு பெயர்களைச் சுமக்க நேர்கிறது.

வீட்டுக்குள் யார் எந்த குர்பிரீத்?

வீட்டுக்குள் முழுப்பெயர் புழங்குவதே அரிது. சுக்விந்தர் 'சுக்கி' ஆகிறார். ஜஸ்விந்தர் 'ஜஸ்ஸி' ஆகிறார். இயற்பெயரோடு தொடர்பே இல்லாத ஹாப்பி, லக்கி, கோல்டி, பிட்டு, பிங்கி ஆகிய செல்லப்பெயர்களும் ஏராளம். நரைத்த தாடியுடன் ஊர்ப் பஞ்சாயத்தில் அமர்ந்திருக்கும் முதியவரும் 'பிட்டு'வாகவே அறியப்படுவார். இப்பெயர்களை விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையிலும் இயற்பெயரை அடுத்து 'உர்ஃப்' என்ற சொல்லுடன் செல்லப்பெயர் எழுதப்படுகிறது. நம் 'என்கிற' என்பதற்கு ஒப்பான அச்சொல், எந்த குர்பிரீத் சிங் என்பதை ஊரார் உறுதிசெய்ய உதவுகிறது.

உறவுச் சொற்களும் துணைபுரிகின்றன. தந்தையின் அண்ணன் 'தாயா', தம்பி 'சாச்சா'. தமிழின் பெரியப்பாவும் சித்தப்பாவும் போன்றே இவை வெவ்வேறு சொற்கள் என்பதால், ஆங்கிலத்தின் 'அங்கிள்' தரும் குழப்பம் இதில் எழுவதில்லை. ஒரே முறையில் இருவர் இருந்தால் ஊர்ப்பெயர் முன்னே வருகிறது. லூதியானாவில் வாழ்க்கைப்பட்ட அத்தை 'லூதியானே வாலி பூஆ'. மோகாவில் வாழ்பவர் 'மோகே வாலி பூஆ'. திருச்சி அத்தை, மதுரை அத்தை என்று வழங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊர் அளவில் பயன்படுவது 'அல்' எனப்படும் வீட்டுப் பெயர். இது குலப்பெயர் அன்று. ஒரு குடும்பக் கிளைக்கு ஊரார் இட்ட அடையாளம். பாட்டனார் இராணுவத்தில் இருந்திருந்தால் அக்கிளையினர் 'ஃபவுஜி' வீட்டார். ஊரின் நிலவரி வசூலுக்குப் பொறுப்பாக இருந்தவரின் வழியினர் 'நம்பர்தார்' வீட்டார். முன்னொரு காலத்தில் ஒருவர் பர்மாவுக்கோ கனடாவுக்கோ சென்று திரும்பியிருந்தால் அந்த நாட்டின் பெயரே வீட்டுப் பெயராகிவிடும். இராணுவத்தில் இருந்தவர் இறந்து மூன்று தலைமுறைகள் கடந்தபின்னும், பேரன் மளிகைக் கடை நடத்தினாலும், அவர் 'ஃபவுஜியோன் கா' பிள்ளை என்றே, அதாவது பஞ்சாபி வழக்கில் 'ஃபவுஜியான் தா' என்றே, சுட்டப்படுவார். அஞ்சல்காரர் கடிதத்துடன் ஊருக்குள் நுழைந்து குர்பிரீத் சிங் யார் என்று கேட்டால், எந்த வீட்டு குர்பிரீத் என்பதே எதிர்க்கேள்வியாக இருக்கும்.

ஆனால் இந்த வீட்டுப் பெயர் ஆதார் அட்டையில் இடம்பெறுவதில்லை. வங்கிக் கணக்கிலும் இல்லை. ஊர் மக்களின் நினைவில் இருக்கும்வரை மட்டுமே அதற்குப் பயன் உண்டு.

நிலப் பதிவேட்டில் பாட்டனார் பெயர்

ஊராரின் நினைவை ஆவணமாக்கும் இடம் வருவாய்த்துறைப் பதிவேடு. பஞ்சாபில் நில உரிமைப் பதிவேட்டை 'ஜமாபந்தி' என்பர். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் வருவாய்த் தீர்வாயத்தைக் குறிக்கும் அதே சொல், அங்கே பதிவேட்டையே குறிக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அது புதுப்பித்து எழுதப்படுகிறது. அதில் உரிமையாளரின் பெயருடன் தந்தை பெயரும், அதற்கு மேல் பாட்டனார் பெயரும் இடம்பெறும். 'பட்வாரி' எனப்படும் கிராமக் கணக்கரிடம் 'ஷஜ்ரா நஸப்' என்ற மற்றோர் ஆவணமும் உண்டு. நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியும் மரம்போல் கிளை பிரித்து எழுதப்பட்டிருப்பது அதுவே.

பாட்டனார் பெயர்வரை ஏன் செல்ல வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தின் வழியே காணலாம்.

கர்தார் சிங் என்பவருக்கு குர்தியால் சிங், ஹர்னாம் சிங் என இரண்டு மகன்கள். குர்தியாலின் மகன் பல்வந்த் சிங். ஹர்னாம் வேறு ஊரில் குடியேறிவிட, அங்கே பிறந்த அவருடைய மகனுக்கும் பல்வந்த் சிங் என்றே பெயர் அமைந்தது. இரண்டு பல்வந்த் சிங்குகளுக்கும் காலப்போக்கில் குர்பிரீத் சிங் என்ற பெயரில் மகன்கள் பிறந்தனர். பூர்வீக நிலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. இரு கிளையினரும் ஒரே கணக்கில் பங்குதாரர்கள்.

இப்போது அந்தக் கணக்கில் 'பல்வந்த் சிங் மகன் குர்பிரீத் சிங்' என்ற விவரத்திற்குப் பொருந்துவோர் இருவர். ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய எதை நீட்டினாலும், பெயரையும் தந்தை பெயரையும் கொண்டு இருவரையும் பிரிக்க இயலாது. குலப்பெயரும் உதவாது, பங்காளிகள் ஆகையால் இருவரும் ஒரே குலத்தவர். இவர்களைப் பிரித்துக்காட்டுவது பாட்டனாரின் பெயர் ஒன்றே. குர்தியாலின் பேரன் ஒருவர். ஹர்னாமின் பேரன் மற்றவர். அதற்கும் மேலே சென்றால் கர்தார் சிங் என்னும் பொதுவான முன்னோரில் இரு கோடுகளும் இணைந்துவிடும்.

குர்தியாலின் கிளையைச் சேர்ந்த பல்வந்த் சிங் இறந்துவிட்டதாகக் கொள்வோம். அவருடைய பங்கை வாரிசுகளின் பெயருக்கு மாற்றும் பதிவை 'இந்தகால்' என்பர். நம் பட்டா மாறுதலுக்கு ஒப்பானது. பட்வாரி வம்சாவளியைப் பார்த்துப் பதிவை எழுதுகிறார். அவருக்கு மேலதிகாரியான கானூன்கோ அதை மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார். பின்னர் தாசில்தாரோ துணைத் தாசில்தாரோ ஊரார் முன்னிலையில் ஒப்புதல் அளிக்கிறார். வந்து நிற்பவர் உரியவர்தாம் என்று அப்போது அடையாளம் காட்டுவது நம்பர்தாரின் கடமை. அவருக்கு வீட்டுப் பெயர் தெரியும். யார் எந்தக் கிளை என்பதும் தெரியும். பேச்சுவழக்கில் இருந்த 'அல்' அந்தக் கணத்தில் சட்ட ஆவணத்திற்குத் துணைநிற்கிறது.

தவறு நேர்வதும் இந்தக் கட்டத்தில்தான். உரியவர் வெளிநாட்டில் இருந்து, அடையாளம் காட்டுபவர் இளையவராகவோ ஊருக்குப் புதியவராகவோ இருந்தால், ஒரு குர்பிரீத்தின் பங்கு மற்றவருடைய பெயரோடு சேர்ந்துவிடக்கூடும். அல்லது ஒருவர் பெற்ற வங்கிக் கடன் மற்றவரின் பங்கின்மீது குறிக்கப்பட்டுவிடும். இந்தப் பிழை பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கலாம். நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முற்படும்போதே அது வெளிப்படுகிறது.

கண்டறிவதற்கு 'ஃபர்த்' எனப்படும் பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பார்ப்பதே நேரான வழி. அதில் பெயரை மட்டும் பார்த்து மனநிறைவு அடைவது பயனற்றது. பாட்டனார் பெயர் சரியாக உள்ளதா, பங்கின் அளவு வம்சாவளிக் கணக்கோடு பொருந்துகிறதா, குறிப்புப் பத்தியில் தாம் பெறாத கடன் ஏதேனும் எழுதப்பட்டுள்ளதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். எழுத்துப் பிழையாயின் 'ஃபர்த் பதர்' என்னும் திருத்த ஆணையின் மூலம் வருவாய்த்துறையே சரிசெய்துவிடும். நிலம் யாருடையது என்பதே சர்ச்சையாகிவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

பெண்கள் நிலையில் மற்றொரு முடிச்சு உண்டு. தந்தையின் சொத்தில் பங்கு பெறும் குர்பிரீத் கவுர், பதிவேட்டில் 'பல்வந்த் சிங் மகள்' என்று எழுதப்படுகிறார். அவருடைய ஆதாரிலும் வாக்காளர் பட்டியலிலும் கணவர் பெயர் இருக்கும். இங்கே இருவர் ஒருவராகத் தோன்றும் சிக்கல் தலைகீழாகி, ஒருவரே இருவராகத் தோன்றுகிறார். எழுத்துக்கூட்டலும் இதே விளைவைத் தருவதுண்டு. குர்முகி எழுத்தில் ஒரே விதமாக எழுதப்படும் 'ஜீத்', ஆங்கிலத்தில் ஓர் ஆவணத்தில் 'ஐ' எழுத்துடனும் மற்றோர் ஆவணத்தில் இரட்டை 'ஈ' எழுத்துடனும் இருக்கும். இரு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்ற உறுதிமொழிப் பத்திரம் இதற்காகவே எழுதப்படுகிறது.

குலம், ஊர், எண்

நிலப் பதிவேட்டிற்கு வெளியே, பொதுவாழ்வில் வேறுபாடு காட்டப் பயன்படுபவை குலப்பெயரும் ஊர்ப்பெயரும். சந்து, சித்து, கில், தில்லான், கிரேவால், பேடி, கோலி ஆகியவை குலப்பெயர்கள். பஞ்சாபின் முன்னாள் முதல்வர் பிரகாஷ் சிங் பாதலின் பெயரில் உள்ள பாதல் என்பது ஊர்ப்பெயர். அவருடைய குலம் தில்லான். லோங்கோவால், பர்னாலா, தோஹ்ரா எனப் பஞ்சாப் அரசியலில் ஒலித்த பெயர்கள் பலவும் ஊர்களே.

குலப்பெயர் சாதியை மீண்டும் உள்ளே கொண்டுவருகிறது என்று கருதி அதைத் தவிர்ப்போர் உண்டு. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் குலம் கோலி. அப்பெயரை அவர் பயன்படுத்தவில்லை. அவருடைய துணைவியார் குர்ஷரண் கவுர். மகள்களாகிய வரலாற்றாசிரியர் உபிந்தர் சிங், எழுத்தாளர் தமன் சிங் ஆகியோர் கவுர் என்றில்லாமல் சிங் என்றே அறியப்படுகின்றனர். தாயிடத்தில் கவுர் என்பது பெண்ணைக் குறிக்க, மகள்களிடத்தில் சிங் என்பது குடும்பப் பெயராகிவிட்டது. ஒரே வீட்டில் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது.

குலப்பெயர் எப்போதும் போதுமானதும் அன்று. ஜலந்தருக்கு அருகிலுள்ள சன்சார்பூர், ஹாக்கி வீரர்கள் பலரை உருவாக்கிய ஊர். அவர்களுள் பெரும்பாலோர் குல்லார் என்ற ஒரே குலத்தவர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் பல்பீர் சிங் என்ற பெயரில் மூவர் ஆடினர். பஞ்சாப் காவல்துறை, இராணுவம், இரயில்வே என்று அவர்கள் பணிபுரிந்த துறைகளைக் கொண்டே பிரித்தறியப்பட்டனர். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற, அவர்களுக்கு முந்தைய பல்பீர் சிங்கை 'சீனியர்' என்ற அடைமொழி இன்றளவும் வேறுபடுத்துகிறது.

இராணுவம் தேர்ந்தெடுத்தது எண்ணை. 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் சாரகர்ஹியில் உயிர்நீத்த 36ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 21 வீரர்களும் சிங் என்ற பெயர் கொண்டவர்கள். அவர்களுள் ஜீவன் சிங் மூவர். ராம் சிங், குர்முக் சிங், பகவான் சிங் இவ்விருவர். 21 பேரில் ஒன்பது பேருக்குத் தம் பெயரைப் பகிர்ந்துகொண்ட இன்னொருவர் அதே காவல் அரணில் இருந்திருக்கிறார். ஜீவன் சிங் 760, ஜீவன் சிங் 871, ஜீவன் சிங் 1651 என்று படைப்பிரிவு எண்களே அவர்களைத் தனித்தனி மனிதர்களாக இன்றும் பட்டியலில் நிறுத்துகின்றன. சமிக்ஞை அனுப்பிய குர்முக் சிங்கைப் பற்றி எழுதுவோர் எந்த குர்முக் சிங் என்பதை உறுதிசெய்ய இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கடவுச்சீட்டில் காலியான கட்டம்

பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் கொண்ட வெளிநாட்டுப் படிவங்களே இன்று பெருந்தொல்லை. அவை ஒரு குடும்பத்தில் அனைவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. சிங் என்ற கணவருக்குக் கவுர் என்ற மனைவி இருந்தால் அதிகாரி கேள்வி கேட்கிறார். 'குர்பிரீத் சிங்' முழுவதையும் முதல் கட்டத்தில் எழுதி அடுத்ததைக் காலியாக விட்டாலும் சிக்கல்தான். அமெரிக்க விசாவில் அப்பெயர் முழுதும் குடும்பப் பெயர்க் கட்டத்திற்கு நகர்ந்துவிட, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் FNU என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதே அதன் பொருள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத தமிழகப் பயணிகளும் இதே கலக்கத்தை உணர்ந்தனர். தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது.

கனடா ஒருபடி மேலே சென்றது. சிங், கவுர் ஆகியவற்றை மட்டும் குடும்பப் பெயராகக் கொண்ட குடியேற்ற விண்ணப்பங்கள் ஏற்கப்படா என்று புதுதில்லியிலுள்ள அதன் தூதரகம் விண்ணப்பதாரர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கடிதம் அனுப்பிவந்தது. ஒரே பெயரில் ஏராளமான கோப்புகள் சேர்ந்து குழம்புவதே அதற்குக் கூறப்பட்ட காரணம். 2007ஆம் ஆண்டு சூலையில் இது பொதுவெளிக்கு வந்தபோது உலக சீக்கிய அமைப்பு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாள்களிலேயே கனடா அந்த நடைமுறையைக் கைவிட்டது. கோப்புகளைப் பிரித்தறிய விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் இருக்கும்போது, தீட்சையோடு தொடர்புடைய பெயரை மாற்றச் சொன்னது நிர்வாகச் சோம்பல் என்றே கூறத் தோன்றுகிறது.

ஆனால் அக்கடிதத்தின் விளைவுகள் குடும்பங்களில் நின்றுவிட்டன. அந்நாளில் குடியேறிய அண்ணன் குலப்பெயரைச் சேர்த்துக்கொண்டு சந்து ஆனார். பின்னர் விண்ணப்பித்த தம்பி சிங் ஆகவே இருக்கிறார். தம்பியை வரவழைக்க அண்ணன் விண்ணப்பிக்கும்போது, உறவு இருப்பதற்கான அறிகுறி எதுவும் இருவர் பெயர்களிலும் இல்லை. அத்தகைய விண்ணப்பங்களுடன் இணைக்கப்படுவது தந்தை பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ். அது இல்லாத மூத்த தலைமுறையினர்க்குப் பள்ளிச் சான்றிதழும், இருவரையும் ஒரே பாட்டனாரின் கீழ் காட்டும் ஊர் நிலப் பதிவேட்டின் பிரதியும்.